பக்கவாதத்துக்குப் பின் மீண்டும் வேலைக்கு: முதல் நாளே எட்டு மணி நேரம் வேண்டாம்

வாசகர் கடிதம்:

"எனக்கு 43 வயது. காலடிப்பேட்டையில் குடியிருக்கிறேன். எர்ணாவூர்ப் பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் பதினோரு வருடமாக டாக்குமென்டேஷன் பிரிவில் வேலை. ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. காலில் ஸ்பிளின்ட் போட்டு நடக்கிறேன். இடது கையால் பிடிக்க முடிகிறது, வேகமாக டைப் செய்ய முடியவில்லை. இ.எஸ்.ஐ. பணம் மூன்று மாதத்தோடு நின்றுவிட்டது. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், மகள் பிளஸ் டூ. 'வந்தால் முழு நேரம் வரணும், இல்லேன்னா ராஜினாமா எழுதிக் கொடுங்க, குணமானதும் கான்ட்ராக்ட்ல எடுத்துக்கிறோம்' என்கிறார் எச்.ஆர். மேனேஜர், 'கையெழுத்துப் போடாம தினமும் ரெண்டு மணி நேரம் வந்து உட்காருங்க, பார்ப்போம்' என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் மாநகரப் பேருந்து ஓட்டுநர். அவருக்கு இப்படி ஆனபோது அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுத்தார்களாம், எனக்கும் தர வேண்டும் என்கிறார். பாதி நாள் வேலைக்கு ஒப்புக்கொண்டால் பதினோரு வருட கிராஜுவிட்டி குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. இன்னொன்று, சின்ன விஷயம்தான்: தட்டில் இடப்பக்கம் பொரியல் மிஞ்சியிருப்பதை மகள் சொல்லித்தான் பார்க்கிறேன். நான் என்ன செய்யலாம்?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவொற்றியூர்

மறுவாழ்வு மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சின்ன விஷயம் என்று கடைசியில் நீங்கள் எழுதியிருப்பதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். உங்கள் வேலையைப் பொறுத்தவரை, கையின் பலவீனத்தைவிட அந்தப் பொரியல்தான் எனக்குக் கவலை தருகிறது. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டு உடலின் இடப்பக்கம் பலவீனமாகும் சிலருக்கு, கண் நன்றாகத் தெரிந்தாலும் இடப்பக்கத்தில் இருப்பதன்மேல் கவனம் போகாது. நாங்கள் இதை நெக்லெக்ட், அதாவது இடப்புறப் புறக்கணிப்பு என்போம். விட்டுப்போனது விட்டுப்போனதாகவே தோன்றாததால், இது இருப்பவருக்கு இருப்பது தெரியாது. உங்கள் வீட்டில் நடந்ததுபோல் உடனிருப்பவர்தான் முதலில் கவனிப்பார். ஒரு கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு இருப்பது இதுதான் என்று என்னால் முடிவுசெய்ய இயலாது. ஆனால் சோதித்துப் பார்க்காமல் நீங்கள் பணிக்குத் திரும்பக் கூடாது என்று சொல்வதற்கு உங்கள் கடிதமே போதும்.

ஏன் என்பதை உங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன். கன்டெய்னர் எண் என்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து ஏழு இலக்கங்களும் கொண்டது; எந்த நிறுவனத்தின் பெட்டி என்பதைச் சொல்லும் எழுத்துகள் இடப்பக்கம்தான் இருக்கின்றன. கடைசி இலக்கம் அதற்கு முந்தைய பத்தையும் வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், நீங்கள் ஓர் எழுத்தைத் தவறவிட்டாலும் பெரும்பாலும் மென்பொருள் பிடித்துவிடும். சீல் எண்ணுக்கும் லாரி எண்ணுக்கும் அந்தக் காவல் இல்லை. அங்கே முதல் இரண்டு இலக்கங்கள் விடுபட்டால் அது தவறான ஆவணமாகவே வெளியே போகும். பக்கவாதம் வந்தவரால் வேலை பார்க்க முடியவில்லை என்ற பேச்சும் அன்றே தொடங்கிவிடும்.

முதலில் வீட்டில் ஒரு சோதனை

மகளிடம் ஒரு ஏ4 தாளை அகலவாக்கில் வைத்து, உங்கள் வேலையில் வருவதுபோன்ற நாற்பது எண்களைத் தாளின் இட ஓரம் தொடங்கி வல ஓரம்வரை பரவலாக எழுதச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு அவற்றை இன்னொரு தாளில் பார்த்து எழுதுங்கள். அன்றே மாலை நான்கு மணிக்கு, வேறு நாற்பது எண்களை வைத்து மறுபடி செய்யுங்கள். நீங்களே திருத்த வேண்டாம், மகள் திருத்தட்டும். அவர் பிழைகளை எண்ணுவதோடு, எந்தப் பக்கத்தில் விழுந்தன என்பதையும் குறிக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் இடப்பக்கத்திலேயே எண்கள் விடுபட்டிருந்தால் அது கவனப் பிரச்சினையாகவோ, பார்வைப் புலத்தில், அதாவது கண் ஒரே நேரத்தில் காணும் பரப்பில் ஏற்பட்ட இழப்பாகவோ இருக்கலாம். காலையில் பிழையே இல்லாமல், மாலையில் தாள் முழுக்க ஆங்காங்கே பிழைகள் இருந்தால் அது சோர்வு. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

அந்தத் தாள்களை அப்படியே உங்கள் நரம்பியல் அல்லது மறுவாழ்வு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண் பிரிவில் பார்வைப் புலச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். நெக்லெக்ட் இருந்தாலும் வேலை முடிந்துவிட்டது என்று பொருளல்ல. கணினித் திரையின் இட ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்பு டேப்பை ஒட்டி, ஒவ்வொரு வரியையும் அந்தச் சிவப்பைக் கண்ணால் தொட்ட பிறகே படிக்கத் தொடங்குவது என்ற பழக்கம் பலருக்கு உதவுகிறது. தாளில் படிக்கும்போது இட ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்கேலை வைத்துக்கொள்ளலாம். இந்தப் பழக்கம் படியச் சில வாரங்கள் ஆகும். வீட்டிலேயே இன்றிலிருந்து தொடங்கலாம்.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணூர்ச் சாலையைக் கடக்கும்போது முதல் பாதியில் வண்டிகள் உங்கள் வலப்பக்கமிருந்து வரும். நடுவைத் தாண்டிய பிறகு இடப்பக்கமிருந்து வரும். உங்களுக்கு ஆபத்து அந்த இரண்டாவது பாதியில்தான், அதிலும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை அது. மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை துணையில்லாமல் கடக்காதீர்கள், ஸ்கூட்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். காலடிப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை மெட்ரோ இருப்பதும் நிலையங்களில் லிப்ட் இருப்பதும் உங்களுக்கு நல்வாய்ப்பு. அங்கிருந்து யார்டுவரை கணவரின் ஆட்டோவோ ஷேர் ஆட்டோவோ போதும்.

மணி நேரத்தை ஏற்றுவது எப்படி

மதியத்துக்கு மேல் வரும் அந்த அசதி சோம்பலும் அல்ல, மனத்தளர்ச்சி மட்டுமே என்று ஒதுக்கக்கூடியதும் அல்ல. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு வரும் இந்தச் சோர்வு, செய்த வேலையின் அளவுக்குப் பொருத்தமில்லாமல் வந்து அழுத்தும். ஒரு மணி நேரம் படுத்தால் போய்விடும் சாதாரணக் களைப்பல்ல அது. தூக்கம், ரத்த அழுத்தம், ரத்தசோகை, தைராய்டு, மனநிலை, நீங்கள் எடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றில் திருத்தக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சும் சோர்வுக்கு ஏற்றபடி வேலை நேரத்தை அமைப்பதுதான் வழி.

உங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் பொதுவாகப் பன்னிரண்டு வார அட்டவணை ஒன்றை எழுதிக்கொடுப்பேன். முதல் இரண்டு வாரங்கள் வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், காலை பத்தரை முதல் பிற்பகல் இரண்டரைவரை. நடுவில் இருபது நிமிட ஓய்வு. மூன்றாவது, நான்காவது வாரங்களில் அதே நான்கு மணி நேரம், ஆனால் ஐந்து நாள். ஐந்திலிருந்து எட்டாவது வாரம்வரை ஐந்து மணி நேரம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை ஆறு மணி நேரம். அதற்கு மேல் எவ்வளவு என்பதை இப்போது யாரும் முடிவுசெய்ய வேண்டாம். காலை பத்தரை என்று நான் சொல்வது, கூட்டம் குறைந்த பிறகு நீங்கள் மெட்ரோவில் ஏற வேண்டும் என்பதற்காக. பயணத்தில் செலவாகும் தெம்பும் வேலைக் கணக்கில்தான் சேரும். சுழற்சி முறையில் இரவு ஷிப்ட் இருந்தால், தூக்கம் கெடும் என்பதால் இந்த மூன்று மாதமும் அது வேண்டாம்.

இந்த அட்டவணையில் நாள், மணி நேரம், வேலையின் கடினம் ஆகிய மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் ஏற்ற வேண்டும். நாளைக் கூட்டும் வாரத்தில் மணி நேரத்தைக் கூட்டக் கூடாது; புதிய வேலையொன்றைக் கையிலெடுக்கும் வாரத்தில் இரண்டையும் தொடக் கூடாது. பலர் தடுமாறுவது மூன்றாவது வாரத்தில்தான். முதல் இரண்டு வாரம் நன்றாகப் போகும். நம்மால் முடிகிறதே என்று தாங்களாகவே கூடுதலாக இரண்டு மணி நேரம் உட்காருவார்கள். பிறகு ஒரு வாரம் முழுக்கப் படுத்துவிடுவார்கள். அலுவலகத்தில் அந்த ஒரு வாரம் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

அளவு மீறிவிட்டதா என்பதை அன்று மாலையை வைத்துக் கணிக்காதீர்கள், மறுநாள் காலையை வைத்துக் கணியுங்கள். மாலையில் அசதியாக இருப்பது இயல்பு. இரவு தூங்கி எழுந்த பிறகும் அது தெளியவில்லையென்றால், அல்லது வேலை முடிந்து திரும்பும்போது இடது பாதம் வழக்கத்தைவிடத் தரையில் தேய்ந்தால், இடது கைவிரல்கள் தாமாக மடங்கி இறுகினால், அந்த வாரம் ஏறிய படி அதிகம். ஒரு படி இறங்கி ஒரு வாரம் நின்று, பிறகு மறுபடி ஏறுங்கள். இறங்குவது தோல்வியாகப் பார்க்கப்படாமலிருக்க, அட்டவணையிலேயே "தேவைப்பட்டால் ஒரு வாரம் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்" என்று முன்கூட்டி எழுதிவிடுங்கள். ஆனால் திடீரென்று முகம் கோணுதல், பேச்சுக் குழறல், பலவீனம் கூடுதல் ஏதாவது வந்தால் அது அட்டவணையைச் சேர்ந்ததல்ல. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றிக்கொள்வது

சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். இங்கே வடசென்னையில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்த ஒருவருக்குப் பக்கவாதம் வந்து தேறியபோது, நானும் வழக்கம்போல "லைட் வொர்க் கொடுக்கவும்" என்று சான்றில் எழுதினேன். அவருடைய நிறுவனம் அவரை இரவு வாயிற்காவலுக்குப் போட்டது. தூக்க வேண்டிய பாரம் எதுவும் இல்லாததால் அவர்கள் கணக்கில் அது லைட் வொர்க்தான். இரண்டு மாதத்தில் அவருடைய ரத்த அழுத்தம் கட்டுக்கு மீறிப் போய், அவர் வேலையையே விட்டுவிட்டார். அந்த நிறுவனத்தின் மேல் மட்டும் குறை சொல்ல முடியாது, நான் எழுதிய இரண்டு சொற்களில் அவர்களுக்குத் தேவையான விவரம் எதுவுமே இல்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை. உங்கள் மருத்துவரும் எழுத வந்தால், தயவுசெய்து விவரமாக எழுதும்படி கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு, எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, மாடிப்படி உண்டா இல்லையா, இரவு ஷிப்ட் கூடாது, யார்டுக்குள் நடக்கலாமா, அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில்.

அந்தச் சான்றுக்குப் பக்கத்தில் நீங்கள் தயாரிக்க வேண்டியது வேலைப் பட்டியல். ஒரு வாரத்தில் உங்கள் இருக்கையில் நடக்கும் வேலைகள் அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது, பிழை வந்தால் என்ன ஆகும் என்று குறியுங்கள். உங்கள் வேலையை நான் நேரில் பார்த்ததில்லை. இத்தகைய யார்டுகளில் வேலை செய்தவர்கள் என்னிடம் சொன்னதை வைத்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். யார்டுக்குள் போய் சீல் சரிபார்ப்பது ஒன்று. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டி திரியும் இடத்தில் இடப்பக்கக் கவனம் குறைந்தவர் நிற்கக் கூடாது, ஆகவே அதை முழுமையாக வேறொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மாலையில் கேட்டில் லாரிகள் வரிசைகட்டும்போது அவசரமாகச் சீட்டுப் போடுவது இன்னொன்று. உங்கள் தெம்பு குறையும் நேரமும் அதுதான், பலர் ஒரே சமயத்தில் கேள்வி கேட்கும் நேரமும் அதுதான். அதுவும் தற்காலிகமாகக் கைமாற வேண்டும்.

ஆனால் வேலையைக் குறைத்துக் கேட்பதோடு நிறுத்தினால், அந்தச் சுமை சக ஊழியர் ஒருவரின் தலையில் விழும். ஒரு மாதத்தில் அவருக்கு உங்கள்மேல் வருத்தம் வந்துவிடும். அதனால் கொடுப்பதற்கு ஈடாக எதை எடுத்துக்கொள்வீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். முந்தைய நாளின் சீட்டுகளைக் கணினிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, மாதக் கடைசி பில் சரிபார்ப்பு, நிலுவையில் நிற்கும் பெட்டிகளுக்காக ஏஜென்டுகளிடம் தொலைபேசியில் பேசுவது போன்றவற்றைக் காலையில், அமைதியாக, ஒரு நேரத்தில் ஒன்றாகச் செய்ய முடியும். பதினோரு வருட அனுபவம் பயன்படும் வேலைகளும் அவைதான். எண்களை ஒப்பிடும் வேலையை மட்டும் முதல் மாதம் இன்னொருவர் மறுபார்வை பார்க்கட்டும். பிழை எத்தனை, எந்தப் பக்கம் என்ற குறிப்பு உங்களிடம் இருக்கட்டும். ஒரு கையால் டைப் செய்வதைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதியை இயக்கினால் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய கட்டளைகளை ஒவ்வொன்றாக அழுத்தலாம். எண்களுக்கு வலக்கையே போதும்.

யாரிடம், எப்படிப் பேசுவது

முதலில் மேனேஜரிடம் பேசுங்கள், எச்.ஆரிடம் பிறகு போகலாம். எச்.ஆருக்கு முழு நேரம், ராஜினாமா என்ற இரண்டு பெட்டிகள்தான் தெரிகின்றன. எந்த வேலையை யாருக்கு மாற்ற முடியும் என்பது மேனேஜருக்குத்தான் தெரியும். அவர் உங்கள்மேல் அக்கறை உள்ளவர் என்பது நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. ஆனாலும் கையெழுத்துப் போடாமல் வந்து உட்காரச் சொல்வதை மட்டும் ஏற்காதீர்கள். வருகைப் பதிவில் இல்லாத நாளில் படியில் தவறி விழுந்தால், அன்று நீங்கள் பணியில்தான் இருந்தீர்கள் என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. நோய்க்கால உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கும்போது இப்படிப் போய் உட்கார்ந்தால், பொய்க் கணக்குக் காட்டியதாகவும் ஆகிவிடும். அவர் மனம் நோகாமல் சொல்ல, "சார், நீங்க சொல்றது எனக்கு நல்லதுக்குத்தான். ஆனா ரெஜிஸ்டர்ல பேர் இருந்து நாலு மணி நேரம் வந்தா ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு. மூணு மாசத்துக்கு ஒரு அட்டவணை எழுதிக் கொண்டுவந்திருக்கேன், நீங்க பார்த்துட்டு சொல்லுங்க" என்று தொடங்கலாம்.

அந்தப் பேச்சில் நோயின் கதையை நீட்ட வேண்டியதில்லை. ஸ்கேன் அறிக்கையைக் காட்ட வேண்டிய கடமையும் இல்லை. எது முடியும், எது இப்போதைக்கு முடியாது, எப்போது மறுபடி பார்க்கலாம் என்ற மூன்றையும் சொன்னால் போதும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த மதியச் சோர்வைச் சொல்லாமல் மறைக்காதீர்கள். ஸ்பிளின்ட்டைப் பார்ப்பவர்கள் காலுக்காக விட்டுக்கொடுப்பார்கள். நீங்கள் மூன்று மணிக்கு மேசையில் தலை சாய்த்தால் அதற்கு அவர்களாகவே வேறொரு பெயர் வைப்பார்கள். "ரெண்டரைக்கு மேல எனக்குக் கவனம் குறையும், அந்த நேரத்துல எண் சம்பந்தப்பட்ட வேலை தர வேண்டாம்" என்று முன்கூட்டிச் சொல்வது ஒரு மேற்பார்வையாளருக்குப் பயன்படும் தகவல். அவர் மனத்தில் ஓடும் கேள்வி பெரும்பாலும் உங்கள் கையைப் பற்றியதாக இருக்காது. மாலை கேட்டில் நெரிசல் வரும்போது யார் பார்ப்பது என்பதாகத்தான் இருக்கும். அதற்கான பதில் உங்கள் வேலைப் பட்டியலில் இருந்தால் பேச்சு எளிதாகும்.

பேசி முடித்த அன்றே, பேசியதைச் சுருக்கமாக எழுதி அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, எச்.ஆருக்கும் நகல் வையுங்கள். தேதி, மணி நேரம், மாற்றிக்கொண்ட வேலைகள், சம்பளம் எப்படிக் கணக்கிடப்படும், நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது வாரங்களில் மறுபார்வை ஆகியவை அதில் இருக்க வேண்டும். மேனேஜர் மாறினாலும் அந்தத் தாள் இருக்கும்.

பணமும் சட்டமும்

ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டாம். கான்ட்ராக்டில் எடுத்துக்கொள்கிறோம் என்பது வாய்ச்சொல். அப்படியே எடுத்தாலும் உங்கள் பதினோரு ஆண்டுப் பணித்தொடர்ச்சி அங்கே அறுந்து, புதிதாக முதல் நாளிலிருந்து தொடங்கும். நாமாக விலகியதாகக் கையெழுத்திட்ட தாளைப் பிறகு மறுப்பது மிகக் கடினம்.

இ.எஸ்.ஐ.யில் உங்களுக்கு நின்றுபோனது, ஓராண்டில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் தரும் பொதுவான நோய்க்கால உதவித்தொகை. நீண்டகால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை என்று இன்னொன்று இருக்கிறது. 34 நோய்கள் கொண்ட அந்தப் பட்டியலில் உடலின் ஒருபக்கச் செயலிழப்பும் அடங்கும். சம்பளத்தில் 80 சதவீதம், மருத்துவச் சான்றின் அடிப்படையில் இரண்டு ஆண்டுவரை கிடைக்க வழியிருக்கிறது. இரண்டு ஆண்டுத் தொடர் பணியும், நோய்க்கு முந்தைய நான்கு ஆறுமாதப் பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பங்களிப்பும் இருக்க வேண்டும். பதினோரு ஆண்டு வேலை பார்த்த உங்களுக்கு அது இருக்கும் என்றே நினைக்கிறேன். இந்த வாரமே டிஸ்பென்சரி மருத்துவரையும் கிளை அலுவலகத்தையும் பாருங்கள். இடைப்பட்ட நான்கு மாதத்துக்கு என்ன கிடைக்கும் என்பது அந்தக் காலத்துக்கான சான்றுகள் உங்களிடம் இருப்பதைப் பொறுத்தது.

இதில் ஒரு கணக்கையும் கவனியுங்கள். சம்பளம் வாங்கும் நாளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. அரை நாள் போய் அரைச் சம்பளம் வாங்கினால், அந்த நாளுக்கு 80 சதவீதத்துக்குப் பதில் 50 சதவீதம்தான் கையில் நிற்கும். ஆகவே நெக்லெக்ட் சோதனையும் அட்டவணைப் பேச்சும் முடியும்வரை, அதாவது உண்மையிலேயே நீங்கள் பணிக்குத் தகுதியாகாத இந்த நாள்களில், உதவித்தொகையில் இருந்துகொண்டு தயாராவதே மேல். அட்டவணை எழுத்தில் வருமுன் முழுத் தகுதிச் சான்றை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் போகாத நாள்களுக்கு உதவித்தொகை தொடருமா என்பது, அந்த நாள்களுக்கு டிஸ்பென்சரி மருத்துவர் ஓய்வுச் சான்று தருவதைப் பொறுத்தது; அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஈட்டிய விடுப்பு மிச்சம் இருந்தால், வேலை செய்யாத பாதி நாளுக்கு அதைக் கழித்துக்கொள்ள முடியுமா என்று எச்.ஆரிடம் கேட்கலாம்.

கிராஜுவிட்டி பற்றிய பயத்துக்கு நல்ல பதில் இருக்கிறது. உடல் திறன் இழந்த பிறகு குறைந்த சம்பளத்தில் பணி தொடர்பவரின் பணிக்கொடையை எப்படிக் கணக்கிடுவது என்று சட்டமே தனியாகச் சொல்கிறது: இழப்புக்கு முந்தைய ஆண்டுகளுக்கு அப்போதைய சம்பளம், பிந்தைய ஆண்டுகளுக்குக் குறைந்த சம்பளம். ஆகவே உங்கள் பதினோரு ஆண்டும் பழைய சம்பளத்திலேயே நிற்கும். சம்பளக் குறைப்பு பக்கவாதத்தால் ஏற்பட்ட இயலாமை காரணமாகச் செய்யப்படுகிறது என்பது மட்டும் ஒப்புதல் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அவரைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும், பழைய வேலை பொருந்தாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும் என்றும் 20-வது பிரிவில் சொல்கிறது. போக்குவரத்துக் கழகம் அரசு நிறுவனம். உங்கள் யார்டு தனியார். அந்தப் பிரிவை எச்.ஆர். மேசையில் வைத்து வாதிட்டால் அவர் ஒரே வரியில் தட்டிக்கழித்துவிடுவார். ஆனால் அதே சட்டத்தின் 21-வது பிரிவு தனியாரையும் கட்டும்: ஒவ்வொரு நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும், இருபதும் அதற்கு மேலும் ஊழியர்கள் இருந்தால், உதவிக் கருவிகள், தடையற்ற வசதி, தொடர்பு அலுவலர் போன்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. "நம் கம்பெனியின் சமவாய்ப்புக் கொள்கையின் நகல் ஒன்று கிடைக்குமா?" என்று பணிவாக, எழுத்தில் கேளுங்கள். முதல் மாடியில் அலுவலகமென்றால் படிக்கு இருபுறமும் கைப்பிடி கேட்பதும் அந்த வழியாகத்தான்.

swavlambancard.gov.in தளத்தில் ஊனச் சான்றுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்பது இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கான அளவுகோல். வேலை நேரத்தில் மாற்றம் கேட்க அது தேவையில்லை. எழுத்தில் கேட்டும் மறுத்தால், அல்லது ராஜினாமாவுக்கு வற்புறுத்தினால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். எதிலாவது கையெழுத்திடும் முன் ஒருமுறை அவரிடம் காட்டிவிடுங்கள்.

பன்னிரண்டாவது வார மறுபார்வைக்கு மேனேஜரோடு உட்காரும்போது, நீங்கள் எட்டு மணி நேரத்தை எட்டியிருக்காமல் போகலாம். பக்கவாதத்தின் மீட்சி முதல் சில மாதங்களில் வேகமாகவும் ஆறு மாதத்துக்குப் பிறகு மெதுவாகவும் நடப்பது. உங்களுக்கு அது இப்போது மெதுவான கட்டத்தில் இருக்கிறது. ஆறு மணி நேரத்தில் மாதக்கணக்கில் நிலையாக நிற்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் எட்டுக்காக உடம்பை வருத்தாமல், ஆறு மணி நேரத்தையே ஓராண்டுக்கு எழுத்தில் கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது மூன்று மாதத்தின் பிழைக் குறிப்புகளையும், இன்னொரு முறை மாலை நான்கு மணிக்கு எழுதிப் பார்த்த அந்த நாற்பது எண்களின் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.